ஆடிக்காற்றும் மார்ச் 31-ம்: தொடர் தள்ளுபடி எங்கே கணக்கை மாற்றுகிறது

ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். 2 மெகாவாட். போட வேண்டிய முதலீடு 15 கோடி ரூபாய். பராமரிப்பு, காப்பீடு எல்லாம் போக ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் மிஞ்சும். 20 ஆண்டு ஓடும். முதல் போடுபவர் எதிர்பார்ப்பது ஆண்டுக்கு 12 சதவீத வருவாய். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. வரியையும் கடனையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவை வந்தால் பேச வந்த விஷயம் மறைந்துவிடும்.

இந்தத் திட்டத்தின் நிகர நிகழ்கால மதிப்பு என்ன? அதாவது, வரப்போகும் பணத்தை எல்லாம் 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்கு இறக்கிக் கூட்டி, போட்ட முதலீட்டைக் கழித்தால் என்ன மிஞ்சும்? ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் 2 கோடி வருவதாக வைத்து வழக்கம்போலக் கணக்குப் போட்டால் மைனஸ் 6 லட்சம். திட்டம் மயிரிழையில் தோற்கிறது. வட்டி நொடிக்கு நொடி கூடுவதாக வைக்கும் தொடர் தள்ளுபடியில் சரியாகப் போட்டால் பிளஸ் 82 லட்சம். அதே தொடர் தள்ளுபடியைத் தவறாகப் போட்டால் மைனஸ் 74 லட்சம். இன்னொரு விதமாகத் தவறு செய்தால் பிளஸ் 15 லட்சம். காற்றாலை ஒன்றுதான், 12 சதவீதமும் ஒன்றுதான், விடை மட்டும் நான்கு.

இந்த நான்கில் எந்த வித்தியாசம் உண்மையானது, எது வெறும் குழப்பம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வட்டி ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறதா, நொடிக்கு நொடி கூடுகிறதா என்பதால் திட்ட மதிப்பு மாறவே கூடாது. மாறினால் எங்கோ பிழை இருக்கிறது. மதிப்பை மாற்றும் தகுதி உள்ளது ஒன்றே ஒன்றுதான்: பணம் கைக்கு வரும் நாள்.

ஒரே வீதத்துக்கு இரண்டு பெயர்

ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் இன்றைய 100 ரூபாய் அடுத்த ஆண்டு இதே நாளில் 112 ரூபாய். இடையில் வட்டி எப்படிக் கூடியது என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. தொடக்கமும் முடிவும் மட்டும் சொல்லப்பட்டிருக்கின்றன. இதே வளர்ச்சியை நொடிக்கு நொடி கூடும் வட்டியாகச் சொல்ல வேண்டுமானால், எந்த வீதத்தில் தொடர்ந்து கூட்டினால் ஆண்டு முடிவில் 112 வரும் என்று கேட்க வேண்டும். அதற்கு விடை 1.12-இன் இயல் மடக்கை, அதாவது 11.333 சதவீதம். வட்டிக்கு வட்டி ஓயாமல் சேர்வதால் கொஞ்சம் குறைந்த வீதமே அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

```
k = ln(1 + r) = ln(1.12) = 0.11333
e^(-k*t) = 1 / (1 + r)^t
```

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். அது தோராயம் இல்லை, சரிசமம். பத்தாம் ஆண்டில் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பைச் சொல்லும் தள்ளுபடிக் காரணி இந்தப் பக்கம் போட்டாலும் அந்தப் பக்கம் போட்டாலும் 0.32197தான். ஆகவே ஆண்டு முடிவில் வரும் பணத்தை மட்டும் கையாளும் ஒருவர் எக்செலின் `EXP` சூத்திரத்துக்கு மாறினால் அவருக்கு ஒரு பைசா வித்தியாசமும் வரக்கூடாது. வெப்பநிலையைச் செல்சியஸில் சொன்னாலும் ஃபாரன்ஹீட்டில் சொன்னாலும் வெயில் ஒன்றுதான்.

சிக்கல் எங்கே என்றால், பலர் 12-ஐ அப்படியே தூக்கி `EXP(-0.12*t)` என்று போட்டுவிடுகிறார்கள். செல்சியஸ் எண்ணை ஃபாரன்ஹீட் அளவியில் படித்த கதை இது. தொடர்ந்து கூடும் 12 சதவீதம் ஆண்டு முடிவில் 12.75 சதவீதமாக நிற்கும். திட்டத்திடம் கேட்கும் வருவாயை யாருக்கும் சொல்லாமல் முக்கால் சதவீதம் ஏற்றிவிட்டார் என்று பொருள்.

முதல் ஆண்டில் இது கண்ணுக்கே தெரியாது. காரணி 0.8929-க்குப் பதில் 0.8869, முக்கால் சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் பிழை ஆண்டுக்கு ஆண்டு பெருகும். பத்தாம் ஆண்டில் 6 சதவீதத்துக்கு மேல். இருபதாம் ஆண்டில் 0.1037 இருக்க வேண்டிய இடத்தில் 0.0907 நிற்கும், பன்னிரண்டரை சதவீதம் குறைவு. நமது காற்றாலையில் இதன் மொத்த விளைவுதான் அந்த மைனஸ் 74 லட்சம். மைனஸ் 6 லட்சத்தில் இருந்த திட்டம் வெறும் எழுத்துப் பிழையால் 68 லட்சம் கீழே போய்விட்டது.

அடுத்தவர் தயாரித்த தாளைச் சரிபார்க்கும்போது முதல் வரியைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். கடைசி ஆண்டின் காரணியை எடுத்துப் பாருங்கள். 12 சதவீதத்தில் இருபது ஆண்டு முடிவுக்கு 0.1037 என்றால் வீதம் சரி. 0.0907 என்றால் ஆண்டு வீதத்தைத் தொடர் வீதமாகத் திணித்திருக்கிறார்கள். 0.0918 என்றால் அது வேறொரு ஆசாமியின் கைவரிசை. அவரை இப்போது பார்ப்போம்.

பன்னிரண்டால் வகுப்பவர்

மாதக் கணக்குப் போடும்போது 12 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு 1 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது நம் ஊரில் கிட்டத்தட்ட பிறவிப் பழக்கம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று பேசியே வளர்ந்தவர்கள் நாம். வங்கியும் கடனுக்கு அப்படித்தான் செய்கிறது: ஆண்டுக்கு 12 சதவீதம், மாதாமாதம் கணக்கு என்றால் மாதத்துக்கு 1 சதவீதம்தான். அது அவர்கள் ஒப்பந்தத்தில் உள்ள வரையறை. அந்தக் கடனின் உண்மையான ஆண்டு வீதம் 12.68.

ஆனால் முதலீட்டாளர் எதிர்பார்க்கும் 12 சதவீதம் அந்த வகையா? பங்கு முதலுக்கான எதிர்பார்ப்பு பொதுவாக ஆண்டுக்கு ஆண்டு வருவாயாகவே பேசப்படும். அதை மாதத்துக்கு இறக்க 1.12-இன் பன்னிரண்டாம் மூலம் எடுக்க வேண்டும். விடை மாதத்துக்கு 0.9489 சதவீதம். வகுப்பதற்கும் மூலம் எடுப்பதற்கும் இடையே மாதத்துக்கு 0.05 சதவீதம்தான் வித்தியாசம். ஆனால் 240 மாதங்களுக்குப் பிறகு? மாத முடிவில் 2 கோடியின் பன்னிரண்டில் ஒரு பங்கு வருவதாக வைத்தால், சரியான வீதத்தில் நமது திட்டம் பிளஸ் 74 லட்சம். வகுத்த வீதத்தில் பிளஸ் 14 லட்சம். அறுபது லட்சம் ஒரு வகுத்தல் குறியில் போய்விட்டது.

ஆகவே யாராவது "12 சதவீதம்" என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது எந்த 12 என்று. ஆண்டுக்கு ஒருமுறை கூடும் 12-ஐத் தொடர் வீதமாக்கினால் 11.33. மாதாந்திரக் கணக்கில் கூடும் 12-ஐத் தொடர் வீதமாக்கினால் 11.94. ஏற்கெனவே தொடர் வீதமாகச் சொல்லப்பட்டது என்றால் 12-ஏதான். கடனின் வீதத்தையும் பங்கு முதலின் வீதத்தையும் கலந்து சராசரி மூலதனச் செலவு எடுப்பவர்கள், கலக்கும் முன் இரண்டையும் ஒரே வகைக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான தாள்களில் கடன் மாதாந்திர வீதத்திலும் பங்கு ஆண்டு வீதத்திலும் இருக்கும். இரண்டையும் அப்படியே எடைபோட்டுக் கூட்டியிருப்பார்கள்.

தொடர் வீதம் இயல்பாகவே வரும் இடம் ஒன்று உண்டு: ஆப்ஷன் மதிப்பீடு. பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்துக்குள் போகும் வட்டி தொடர் வீதம்தான். திட்டத்தைத் தள்ளிப்போடும் உரிமைக்கு மதிப்புப் போடுபவர்கள் அங்கிருந்து எடுத்த வீதத்தைச் சாதாரண ஆண்டுத் தாளில் ஒட்டினால் மேலே சொன்ன பிழை எதிர்ப்பக்கமாக வரும்: திட்டம் இருப்பதைவிட அழகாகத் தெரியும்.

மார்ச் 31 நள்ளிரவில் வராத பணம்

இப்போது உண்மையான வித்தியாசத்துக்கு வருவோம். வழக்கமான ஆண்டுக் கணக்கு ஒரு வினோதமான உலகத்தைக் கற்பனை செய்கிறது. அதில் காற்றாலை ஆண்டு முழுக்கச் சுற்றும், ஆனால் பணம் மொத்தமாக மார்ச் 31 அன்றுதான் வரும். ஏப்ரலில் வந்த பணமும் பன்னிரண்டு மாதத் தள்ளுபடி வாங்கும். ஜூலையில் வந்ததும் பன்னிரண்டு மாதத் தள்ளுபடி வாங்கும்.

பணம் ஆண்டு முழுக்கச் சீராக ஒழுகுகிறது என்று வைத்தால், ஒவ்வொரு துளிக்கும் அதனதன் நாளுக்கான தள்ளுபடியைக் கொடுத்துக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டல்தான் தொகையீடு. செய்து முடித்தால் ஆண்டு முடிவுக் கணக்குக்கும் இதற்கும் உள்ள உறவு ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையாக நிற்கும்: ஆண்டு முடிவு விடையை `r / ln(1+r)` ஆல் பெருக்கினால் போதும். 12 சதவீதத்துக்கு அந்தப் பெருக்கி 1.0589. திட்டம் ஐந்து ஆண்டு ஓடினாலும் நாற்பது ஆண்டு ஓடினாலும் பெருக்கி அதேதான், ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டின் பணமும் ஒரே அளவுக்குத்தான் முன்னால் நகர்கிறது.

```
=NPV(12%,B2:B21)*12%/LN(1+12%)-15
```

B2 முதல் B21 வரை ஆண்டுக்கு 2 (கோடியில்). ஆண்டு முடிவுக் கணக்கில் 14.94 கோடியாக இருந்த வரவின் மதிப்பு 15.82 கோடி ஆகிறது. அந்தப் பிளஸ் 82 லட்சம் இங்கிருந்துதான் வந்தது. முதலீட்டை `NPV` அடைப்புக்குள் போடாமல் வெளியே கழித்திருப்பதைப் பாருங்கள். எக்செலின் `NPV` தன்னிடம் கொடுக்கும் முதல் எண்ணையும் ஓர் ஆண்டு தள்ளுபடி செய்துவிடும். இன்று போடும் முதலை உள்ளே வைத்தால் மொத்த விடையும் 1.12-ஆல் வகுபட்டு 10.7 சதவீதம் சுருங்கிவிடும்.

பெருக்கியைத் தோராயமாக மனக்கணக்கில் பிடிக்க, வீதத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். 6 சதவீத வீதத்துக்கு 3 சதவீத வித்தியாசம், 12-க்கு 6, 18-க்கு ஏறத்தாழ 9. பணவீக்கம் மிகுந்த நாட்டில் 30 சதவீதத்தில் தள்ளுபடி செய்பவர்களுக்கு 14 சதவீதத்துக்கு மேல்.

இதற்குத் தொகையீடு தேவையா? உண்மையில் தேவையில்லை. ஆண்டுப் பணம் முழுவதும் ஆண்டின் நடுவில் வருவதாக வைத்து, ஆண்டு முடிவு விடையை 1.12-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் பிளஸ் 81 லட்சம் வரும். துல்லியமான 82-க்கும் இதற்கும் ஒரு லட்சம்தான் இடைவெளி. இருபது ஆண்டுக்கான காற்றை ஊகித்துவிட்டு இந்த ஒரு லட்சத்துக்காக மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. நடு ஆண்டு மரபு எளிது, விளக்குவதும் எளிது. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

நான்காவது விடையான பிளஸ் 15 லட்சம் எப்படி வந்தது? அங்கே பணம் சீராக ஒழுகுவதாகச் சரியாக எடுத்துக்கொண்டு, வீதத்தில் மட்டும் 12-ஐ அப்படியே தொடர் வீதமாகப் போட்டிருக்கிறார்கள். நாள் சரி, வீதம் தவறு. நாளைத் திருத்தியதால் 88 லட்சம் ஏற வேண்டியது, வீதத்தைக் கெடுத்ததால் 66 லட்சம் இறங்கிவிட்டது. மிச்சம் பழைய ஆண்டுக் கணக்குக்கு அருகிலேயே நிற்கிறது. ஆபத்து இதில்தான் இருக்கிறது. இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தவர், "தொடர் தள்ளுபடிக்கும் ஆண்டுத் தள்ளுபடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, வரவு மதிப்பில் ஒன்றரை சதவீதம்தான்" என்று முடிவுகட்டிவிடுவார். பாடப்புத்தக அட்டவணைகளை வைத்து ஒப்பிடுபவர்கள் இந்த முடிவுக்கு வருவதற்கு இதுவே காரணம். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

வருவாய் விகிதத்திலும் இதே கதை. ஆண்டு முடிவுக் கணக்கில் நமது காற்றாலையின் உள்ளார்ந்த வருவாய் விகிதம், அதாவது நிகர மதிப்பு பூஜ்யமாகும் வீதம், 11.9 சதவீதம். பணம் சீராக வருவதாக வைத்தால் 12.9. ஒரு முழு சதவீதப் புள்ளி. இதையே தொடர் வீதமாக எழுதினால் 12.16 என்று வரும். அதை 12-உடன் ஒப்பிட்டு "சற்றே மேலே" என்று சொல்லக்கூடாது, 11.33-உடன் ஒப்பிட வேண்டும், அல்லது 12.9-ஆக மாற்றிவிட்டு 12-உடன் ஒப்பிட வேண்டும்.

முதலீடும் ஒரே நாளில் போவதில்லை

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, தோற்ற திட்டத்தை எல்லாம் நடு ஆண்டு மரபால் ஜெயிக்க வைக்கலாம் என்று நினைத்தால், ஒரு நிமிடம். நாம் வரவை மட்டும் ஆறு மாதம் முன்னால் இழுத்தோம். 15 கோடி மட்டும் ஏன் ஒரே நாளில் போனது?

காற்றாலை போடுவதில் முன்பணம், நிலம், அடித்தளம், கோபுரமும் இறக்கைகளும் வந்து இறங்கும்போது ஒரு தவணை, மின்கட்டமைப்புடன் இணைக்கும்போது ஒரு தவணை என்று பணம் பல மாதங்களில் போகும். மின்சாரம் ஓடத் தொடங்கும் நாளை நாம் பூஜ்ய நாளாக வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 15 கோடி சீராகப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் பூஜ்ய நாளுக்கு வரும்போது வட்டியோடு 15.88 கோடி ஆகிவிடும். பெருக்கி அதே 1.0589.

இப்போது கழித்துப் பாருங்கள்: 15.82-இலிருந்து 15.88. மைனஸ் 6 லட்சம் சொச்சம். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்.

இது தற்செயல் இல்லை. வரவு, செலவு இரண்டையும் ஒரே பெருக்கி பெருக்கினால் வித்தியாசத்தின் அளவு கொஞ்சம் மாறும், குறி மாறாது. தொடர் தள்ளுபடி ஒரு திட்டத்தைத் தோல்வியிலிருந்து வெற்றிக்கு மாற்றுகிறது என்றால், வரவின் நாளும் செலவின் நாளும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கின்றன என்று பொருள். அந்த நெருக்கம் உண்மையா, கணக்குப் போட்டவர் ஒரு பக்கத்தை மட்டும் திருத்தினாரா என்று பார்ப்பது மதிப்பீட்டை ஆய்பவரின் முதல் வேலை. முதலீட்டு நிரலில் ஒரே எண்ணும் வரவு நிரலில் நடு ஆண்டுக் காரணியும் இருந்தால், கட்டுமான காலம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டுமானக் கால வட்டி ஏற்கெனவே அந்த 15 கோடிக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். சேர்ந்திருந்தால் மறுபடி ஏற்றக்கூடாது.

காற்று எப்போது அடிக்கிறது

சீராக ஒழுகும் பணம் என்ற கற்பனையும் நம் ஊர்க் காற்றாலைக்குப் பொருந்தாது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று ஆண்டு முழுக்க ஒரே மாதிரி அடிப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகப் பிதுங்கி வரும் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது இறக்கை சும்மா இருக்குமா? மற்ற மாதங்களில் பல நாள் இறக்கை சோம்பலாக நிற்கும்.

விளக்கத்துக்காக ஆண்டு உற்பத்தியை நூறு பங்காக்கி இப்படிப் பிரிக்கிறேன்: ஏப்ரல் 4, மே 11, ஜூன் 15, ஜூலை 16, ஆகஸ்ட் 16, செப்டம்பர் 13, அக்டோபர் 6, நவம்பர் 3, டிசம்பர் 4, ஜனவரி 5, பிப்ரவரி 4, மார்ச் 3. ஏப்ரல் 1 அன்று ஆலை ஓடத் தொடங்குகிறது. ஒவ்வொரு மாதத்தின் நடுவையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டி நூறால் வகுத்தால், ஆண்டின் எடை மையம் 4.75-ஆவது மாதத்தில் விழுகிறது. நடு ஆண்டு மரபு சொல்லும் 6 அல்ல. அதாவது ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி.

இந்த ஒற்றை எண் கையில் இருந்தால் போதும். ஆண்டு முடிவு விடையைத் தேவையான அளவு முன்னால் நகர்த்திவிடலாம். கீழே `m` என்பது ஆண்டு தொடக்கத்திலிருந்து பணம் கைக்கு வரும் சராசரி மாதம்:

```
=NPV(12%,B2:B21)*(1+12%)^((12-m)/12)-15
```

4.75 போட்டால் பிளஸ் ஒரு கோடி. எடை மையத்தில் மொத்தமாக வைப்பதால் ஏற்படும் பிழை இங்கே அரை லட்சம் சொச்சம்தான். மாதவாரியாகப் போட்டுச் சரிபார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம்.

ஆனால் ஆகஸ்டில் வந்தது மின்சாரம், பணம் இல்லை. மாத முடிவில் மீட்டர் எடுத்து, பில் அனுப்பி, கெடு முடிந்து பணம் வர இரண்டு மாதம் என்று வைத்தால் `m` 6.75. மதிப்பு பிளஸ் 70 லட்சம். மின்சாரத்தை வாங்கும் நிறுவனம் ஒன்பது மாதம் இழுத்தடிக்கிறது என்றால் `m` 13.75. இப்போது விடை மைனஸ் 31 லட்சம். பாருங்கள், பணம் அடுத்த ஆண்டுக்குள் போய்விட்டது. கஞ்சத்தனமானது என்று நாம் கிண்டலடித்த மார்ச் 31 கணக்கே இங்கே தாராளமானதாக ஆகிவிட்டது.

ஒரு மாதத் தாமதத்தின் விலையைத் தனியாகச் சொல்லலாம். தொடர் வீதம் 11.33-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 0.94 சதவீதம். (தொடர் வீதத்தை மட்டும் இப்படி அச்சமின்றி வகுக்கலாம், அதன் ஒரே பெரிய வசதி அதுதான்.) வரவின் மதிப்பு 16 கோடியை ஒட்டி இருப்பதால் மாதத்துக்கு 15 லட்சம். இது ஒருமுறை தாமதத்தின் விலை அல்ல. ஒவ்வொரு பில்லும் அதே அளவு தாமதமானால் இருபது ஆண்டுக்குமான மொத்த இழப்பு. அசல் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். நிகர வரவை நகர்த்தியதால் செலவும் கூடவே தள்ளிப்போனதாக ஆகிவிட்டது. பராமரிப்புக்காரரோ காப்பீட்டு நிறுவனமோ ஒன்பது மாதம் காத்திருக்க மாட்டார்கள். வருமானத்தையும் செலவையும் தனித்தனி நிரலாக வைத்துத் தனித்தனி `m` கொடுப்பதே சரி.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, வர வேண்டிய பாக்கியை நடப்பு மூலதனக் கணக்கில் ஏற்கெனவே கழித்துவிட்டு, தள்ளுபடியிலும் தாமதத்தைச் சேர்ப்பது. ஒரே அடியை இரண்டு முறை வாங்கியதாகிவிடும். முதல் ஆண்டு ரொக்க வரவு உற்பத்தி வருமானத்தைவிடக் குறைவாகத் தெரிந்தால் தாமதம் அங்கேயே கணக்கில் வந்துவிட்டது. `m`-இல் மறுபடி கூட்டாதீர்கள். மற்றொன்று, தாமதத்துக்கு ஒப்பந்தத்தில் வட்டி உண்டு என்பதற்காகத் தாமதத்தையே கண்டுகொள்ளாமல் விடுவது. அந்த வட்டி உண்மையில் கைக்கு வந்தால்தான் அது வரவு.

ஆலை ஓடத் தொடங்கும் நாளும் இதேபோல முக்கியம். எடை மையம் 4.75 என்றது ஏப்ரல் தொடக்கத்துக்கு. கிரேன் வரவில்லை, இணைப்பு கிடைக்கவில்லை என்று அக்டோபருக்குத் தள்ளினால், முதல் சீசனின் பணம் எட்டு மாதம் காத்திருக்கும், முதலீடோ ஏற்கெனவே போய்விட்டது. அக்டோபரிலிருந்து எண்ணினால் அதே பங்குகளின் எடை மையம் ஏழேமுக்கால் மாதமாக மாறுகிறது. நடு ஆண்டு மரபு இந்த இரண்டு நிலைமைக்கும் ஒரே விடையைச் சொல்லும். அங்கே அதை நம்பக்கூடாது. தேதிவாரியாகப் பணத்தை எழுதி `XNPV` போடுவது மேல். அது ஆண்டு வீதத்தையே கேட்கும், முதல் தேதியிலிருந்து நாட்களை எண்ணி 365-ஆல் வகுத்துக்கொள்ளும். அதற்குள் 11.33-ஐப் போட்டுவிடாதீர்கள்.

நகர்த்தக்கூடாதவை

எல்லாப் பணமும் ஒழுகுவதில்லை. காப்பீட்டுத் தவணை ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்தில். முன்கூட்டிய வருமான வரி ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில். இருபது ஆண்டு முடிவில் ஆலையைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்கும் பணம் அந்த முடிவில்தான். நடு ஆண்டுப் பெருக்கியை மொத்தத் தாளின் மீது ஒரே அடியாக அடித்தால் இந்தக் கடைசித் தொகையும் ஆறு மாதம் முன்னால் வந்துவிடும். காற்றாலையில் இது சில்லறை: ஒரு கோடிக்கு விற்றாலும் இன்றைய மதிப்பு 10 லட்சம் சொச்சம்தான், பிழை 60 ஆயிரம். ஐந்து ஆண்டு ஊகத்துக்குப் பிறகு மொத்த நிறுவனத்தையும் ஒரு பெருக்கு எண்ணால் விற்பதாக வைக்கும் மதிப்பீட்டில் கதையே வேறு. அங்கே மதிப்பின் பெரும்பகுதி அந்தக் கடைசித் தொகையில் இருக்கும். அதற்கு நடு ஆண்டுக் காரணி கொடுத்தால் அதன் மதிப்பு மட்டும் கிட்டத்தட்ட 6 சதவீதம் வீங்கிவிடும்.

எப்போது இதையெல்லாம் பார்க்காமல் விடலாம்? வரவின் மதிப்பு 15 கோடி, நிகர மதிப்பு 5 கோடி என்று வரும் திட்டத்தில் 88 லட்சத்தால் யாருடைய மனமும் மாறாது. ஆண்டு முடிவுக் கணக்கே போதும், அதன் எச்சரிக்கையும் நல்லதுதான். வீதம் 6 சதவீதத்தை ஒட்டி இருக்கும் நீண்ட கால அரசுத் திட்டங்களிலும் நாள் விஷயத்தில் 3 சதவீதம்தான் புரளும். வீதத்தைத் தவறாகப் படிப்பது மட்டும் அங்கேயும் நீளத்தோடு பெருகும். நிகர மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி, வீதம் பத்துக்கு மேல், வரவும் செலவும் ஆண்டின் வெவ்வேறு மூலைகளில் என்று மூன்றும் சேர்ந்தால்தான் தாளை மாதவாரியாகப் பிரித்துப் போட வேண்டும். நமது காற்றாலையில் மூன்றுமே இருக்கின்றன. அங்கே விடையைத் தீர்மானிப்பது பில் எத்தனை மாதத்தில் வசூலாகும் என்ற கேள்விதான்: பிளஸ் ஒரு கோடியில் தொடங்கி மாதத்துக்கு 15 லட்சம் கழித்துக்கொண்டே வந்தால், ஏழாவது மாதத் தாமதத்துக்குள் லாபம் தீர்ந்துவிடுகிறது.